லோகோவும் டேக்லைனும் ஒண்ணா நிக்கணும்னா: பக்கவாட்டு லாக்கப், அடுக்கு லாக்கப், நடுவுல விடுற இடைவெளி

புதுசா டிசைன் பண்ண வர்றவங்க நிறைய பேர் லோகோவ ரொம்ப மெனக்கெட்டு வரைவாங்க, கிளையண்ட் கடைசி நேரத்துல "தம்பி, கீழ இந்த வாசகத்தையும் சேர்த்துருங்க"னு சொன்னதும் ஏதோ ஒரு ஃபாண்ட்ல டைப் பண்ணி லோகோவுக்கு அடியில ஒட்டி அனுப்பிருவாங்க, அங்கதான் எல்லாம் கெடுது. ஏன்னா அந்த வாசகம் வந்து உக்காந்ததும் ஏற்கனவே இருந்த படமும் பேரும் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சிரும். மூணையும் சேர்த்து ஒரே பொருளா பாத்து எது எவ்ளோ பெருசு, எதுக்கும் எதுக்கும் நடுவுல எவ்ளோ இடம்னு முடிவு பண்ணி, இனி யாரும் நகத்தக் கூடாதுன்னு பூட்டி வைக்கிறதுக்குப் பேர்தான் லாக்கப்.

இந்த வார்த்தை பழைய லெட்டர்பிரஸ் காலத்துல இருந்து வந்தது. ஈய எழுத்துகளை அடுக்கி, ஒரு இரும்புச் சட்டத்துக்குள்ள வெச்சு, சுத்தி கட்டையும் ஆப்பும் வெச்சு இறுக்கிருவாங்க, தூக்கினா ஒரு எழுத்து கூட உதிரக்கூடாது, அந்த இறுக்கத்தைத்தான் லாக்கப்னு சொன்னாங்க. இன்னைக்கு கம்ப்யூட்டர்ல பண்றோம், ஆனா அர்த்தம் அதேதான், உள்ள இருக்கிற இடைவெளி ஒண்ணு கூட அசையக் கூடாது.

உள்ள மூணு ஆள் இருக்காங்க. முதல்ல படம், அதாவது சிம்பல். ரெண்டாவது பேர், எழுத்தால எழுதின கடைப் பேரு, இத வேர்ட்மார்க்னு சொல்வாங்க. மூணாவது டேக்லைன், அந்தச் சின்ன வாசகம். படம் இடப்பக்கமும் பேரும் வாசகமும் அதுக்கு வலப்பக்கமும் வந்தா அது பக்கவாட்டு லாக்கப், ஹாரிசாண்டல்னு சொல்றது இதத்தான். படம் மேல, அதுக்குக் கீழ பேர், அதுக்கும் கீழ வாசகம்னு அடுக்கி நடுவாக்கினா அது ஸ்டாக்டு, அடுக்கு லாக்கப். வண்டியோட பக்கவாட்டுல, வெப்சைட் தலைப்புல, நீளமான போர்டுல முதலாவது உக்காரும். டப்பா லேபிள், கட்டைப்பை, டீ-ஷர்ட் இந்த மாதிரி சதுரமான இடத்துல ரெண்டாவது.

இதுல தமிழ்ல பண்றவங்களுக்கு ஒரு தனிப் பிரச்சனை இருக்கு, இணையத்துல கிடைக்கிற இங்கிலீஷ் டுடோரியல் எதுலயும் அது வராது, அதனால அதையே நான் உதாரணமா எடுத்துக்கிறேன். ஒரு மாவுக் கடைன்னு வெச்சுக்குங்க, பேர் "தானியம்", வாசகம் "அன்னன்னைக்கு அரைச்ச மாவு", படம் ஒரு வட்டத்துக்குள்ள திருகைக் கல். பேரும் வாசகமும் நான் விளக்கத்துக்காக வெச்சது. அளவு எல்லாம் நான் ஒரு ஃபாண்ட்ல வெச்சுப் பாத்தது, உங்க ஃபாண்ட்ல நம்பர் கொஞ்சம் மாறும், ஆனா யோசிக்கிற வழி மாறாது.

முதல்ல ஒரு அளவுகோல் வேணும். மில்லிமீட்டர்ல நேரடியா யோசிச்சா லோகோவ பெருசாக்கும்போதும் சின்னதாக்கும்போதும் குழம்பிருவீங்க, அதனால லோகோவுக்குள்ளயே இருக்கிற ஒரு உயரத்த எடுத்து அதையே யூனிட்டா வெச்சுக்கணும். இங்கிலீஷ்ல பெரிய எழுத்தோட உயரத்த எடுப்பாங்க. தமிழ்ல எனக்கு ஒத்து வர்றது ய, ப, ம மாதிரி மேலயும் கீழயும் எதுவும் நீட்டாத எழுத்தோட உடம்பு உயரம். "தானியம்"ல அந்த "ய" இருக்கே, அது உயரம்தான் நம்ம யூனிட். வரையும்போது அத 20 மிமீ வர்ற மாதிரி வெச்சுக்கிட்டேன், கணக்கு போட சுலபமா இருக்கும்னு. அந்த அளவுல பேரோட மொத்த அகலம் 130 மிமீ வந்துச்சு.

இப்ப வாசகம் எவ்ளோ பெருசா இருக்கணும்? பேரோட போட்டி போடக்கூடாது, அதே சமயம் சின்னதாக்கி எறும்பு மாதிரி ஆக்கிடவும் கூடாது. கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும்னு ஒரு எல்லை வெச்சு ஆரம்பிங்க. பாதி உயரத்துல வெச்சுப் பாருங்க, ரெண்டு பேர் போட்ட கடை மாதிரி தெரியும், எத முதல்ல படிக்கிறதுன்னு கண்ணு தடுமாறும். நான் 6 மிமீ உடம்பு உயரத்துல வெச்சேன், அதாவது யூனிட்ல 0.3 பங்கு, அப்ப வாசகத்தோட அகலம் 142 மிமீ வந்து பேரைத் தாண்டி 12 மிமீ நீட்டிக்கிட்டு நின்னுச்சு. இந்த மாதிரி கொஞ்சூண்டு நீட்டுறதுதான் பாக்க ரொம்ப அசிங்கம், வேணும்னு பண்ணதாவும் தெரியாது, தப்புன்னும் உறுதியா சொல்ல முடியாது. ஒண்ணு சரிசமமா நிக்கணும், இல்ல தெளிவா குட்டையா நிக்கணும். 5.5க்கு குறைச்சேன், 130 ஆச்சு, பேரும் வாசகமும் ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல முடிஞ்சது.

எல்லா நேரமும் இப்படி அமையாது. வாசகம் நீளமா இருந்து, பேரோட அகலத்துக்குள்ள அடக்க 3 மிமீ வரைக்கும் குறைக்க வேண்டி வந்தா குறைக்காதீங்க, வாசகத்தை ரெண்டு வரியாக்கலாமா, இல்ல ஒரு வார்த்தைய குறைக்கலாமான்னு கிளையண்ட்கிட்ட பேசுங்க. தமிழ் வார்த்தைகள் நீளம், இங்கிலீஷ்ல மூணு சொல்லுல ஜஸ்ட் டூ இட்னு முடிச்சிர்றத நாம மொழிபெயர்த்தா பாதி போர்டு போயிரும், அதனால வாசகத்தோட நீளமும் டிசைனரோட வேலைதான்னு நான் நினைக்கிறேன்.

இதுக்கு நேர்மாறா, வாசகம் குட்டையா இருந்தா இங்கிலீஷ் ஆளுங்க ஒரு வேலை பண்ணுவாங்க, எல்லாத்தையும் கேப்பிடல்ல போட்டு எழுத்துக்கு எழுத்து இடைவெளிய இழுத்து பேரோட அகலத்துக்கு நிரப்பிருவாங்க. கேப்பிடல் எழுத்து ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்கிற எழுத்து, அதனால அது அவங்களுக்கு ஒத்து வரும், அழகாவும் இருக்கும். தமிழ்ல அத அப்படியே செஞ்சா "பொ"ங்கிற ஒரே எழுத்து கொம்பு தனியா, ப தனியா, கால் தனியா மூணு துண்டா சிதறிப் போகும், சில சாஃப்ட்வேர்ல கண்ணு முன்னாடியே அப்படி நடக்கும். சிதறாத சாஃப்ட்வேர்லயும் நிறைய இழுத்தா எங்க ஒரு வார்த்தை முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்குதுன்னு தெரியாது. அதனால தமிழ் வாசகம் குட்டையா இருந்தா குட்டையாவே விடுங்க, இடப்பக்கம் பேரோட ஆரம்பத்துக்கு நேரா சேர்த்து வெச்சா போதும்.

அடுத்தது பேருக்கும் வாசகத்துக்கும் நடுவுல விடுற இடைவெளி. இதுலதான் நான் ஒரு தடவ நல்லா அடி வாங்கினேன், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். ஆரம்பத்துல ஒரு ஊறுகாய் கம்பெனிக்கு இங்கிலீஷ் கைட்லைன் ஒண்ணப் பாத்து யூனிட்ல 0.4 பங்குன்னு இடைவெளி விட்டு லோகோ பண்ணிக் குடுத்தேன், ஸ்க்ரீன்ல பளிச்னு இருந்துச்சு, விசிட்டிங் கார்டு அடிச்சு வந்தப்ப அவங்க பேர்ல இருந்த "த"வோட வாலும் கீழ வாசகத்துல இருந்த ஒரு மெய்யெழுத்தோட புள்ளியும் ஒட்டி ஒரே கறுப்பு மச்சமா நின்னுச்சு. அந்த அண்ணன் கார்டைக் கைல வெச்சுக்கிட்டு "தம்பி, இது என்ன எழுத்து?"ன்னு கேட்டாரு. ஆயிரம் கார்டு.

தப்பு எங்கன்னா, இங்கிலீஷ்ல பேரையும் வாசகத்தையும் கேப்பிடல்ல போட்டா எல்லாம் ஒரே உயரம், கீழ எதுவும் தொங்காது, மேல எதுவும் நீட்டாது, அதனால அளந்து விட்ட இடைவெளிதான் கண்ணுக்குத் தெரியிற இடைவெளி. தமிழ்ல அப்படி இல்ல. த, ற, ழ, து, ரு இதுக்கெல்லாம் வால் கீழ இறங்கும். புள்ளியும் கி, கீ மாதிரி விசிறியும் உடம்புக்கு மேல ஏறும். மேல்வரியோட வாலும் கீழ்வரியோட புள்ளியும் ரெண்டு பக்கமும் இருந்து இடைவெளிய தின்னுக்கிட்டே வரும்.

நம்ம "தானியம்"ல போட்டுப் பாப்போம். "த"வோட வால் அடிக்கோட்டுக்குக் கீழ 5 மிமீ இறங்குது. அதுக்கு நேர் கீழ வாசகத்தோட ரெண்டாவது எழுத்து "ன்", அதோட புள்ளி உடம்புக்கு மேல 2 மிமீ நிக்குது. யூனிட்ல 0.4 பங்குன்னா 8 மிமீ, அதுல 5ம் 2ம் போனா மிச்சம் 1 மிமீ. வரையிற சைஸ்ல ஒரு மில்லிமீட்டர் தெரியும்தான், ஆனா இதே லோகோவ விசிட்டிங் கார்டுக்குச் சுருக்கினா அது கால் மில்லிமீட்டர் ஆயிரும், மை கொஞ்சம் பரவினாலே போதும், மூடிக்கும். அதனால 0.6 பங்கு, அதாவது 12 மிமீ விட்டேன், வாலும் புள்ளியும் போக 5 மிமீ மிச்சம். மத்த இடத்துல, "ய"வுக்குக் கீழ எல்லாம், கொஞ்சம் அதிகமா இருக்கிற மாதிரி தோணும், பரவால்ல, தமிழ் வரிக்கு அந்தக் காத்தோட்டம் தேவை. உங்க பேர்ல கீழ இறங்கற எழுத்தே இல்லேன்னா, "மயம்" மாதிரி, 0.45 பங்கு கூடப் போதும். அதனால ஒரு நம்பர மனப்பாடம் பண்றதை விட, எந்த வால் எந்தப் புள்ளிக்கு மேல வருதுன்னு பாத்து, அந்த ஒரு இடத்துல எவ்ளோ மிச்சம் இருக்குன்னு அளக்குறதுதான் சரி.

இப்ப படத்தைக் கொண்டு வந்து இடப்பக்கம் வைப்போம். "ய"வோட தலையில இருந்து வாசகத்தோட அடி வரைக்கும் 20, 12, 5.5, மொத்தம் 37.5 மிமீ. படம் இந்த உயரத்துக்கு இருந்தா படமும் எழுத்துக் கட்டும் ஒரே ஆளா தெரியும். ஆனா நம்ம படம் வட்டம், சதுரத்தையும் வட்டத்தையும் ஒரே உயரத்துல வெச்சா வட்டம் எப்பவும் சின்னதாத்தான் தெரியும், ஏன்னா மேலயும் கீழயும் ஒரே ஒரு புள்ளியிலதான் அது கோட்டைத் தொடுது. அதனால 40 ஆக்கினேன், யூனிட்ல ரெண்டு மடங்கு, மேல கீழ ரெண்டு பக்கமும் ஒண்ணேகால் மிமீ தாண்டி நிக்குது, பாக்க சமமா இருக்கு.

படத்துக்கும் பேருக்கும் நடுவுல எவ்ளோ? இங்க ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சா போதும், பேரும் வாசகமும் ஒரு குடும்பம், படம் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டுக்கு விடுற இடைவெளி வீட்டுக்குள்ள விடுற இடைவெளிய விட அதிகமா இருக்கணும். உள்ள 12 விட்டிருக்கோம், அதனால வெளிய 15, யூனிட்ல முக்கால். இத 8 மிமீ ஆக்கிப் பாத்தேன், படம் "த"வோட ஒட்டிக்கிட்டு வாசகம் மட்டும் கீழ அநாதையா தொங்குச்சு. 30 ஆக்கினா ரெண்டு கம்பெனி லோகோ பக்கத்துல பக்கத்துல இருக்கிற மாதிரி. ஆக மொத்தம் 40, 15, 130, சேர்த்து 185 மிமீ அகலம்.

இன்னொண்ணு, பேரும் வாசகமும் இடப்பக்கம் ஒரே கோட்டுல ஆரம்பிக்கணும்னு சாஃப்ட்வேர்ல லெஃப்ட் அலைன் குடுத்தா மட்டும் போதாது. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னாடி ஃபாண்டே கொஞ்சம் வெத்து இடம் வெச்சிருக்கும், எழுத்து பெருசானா அதுவும் சேர்ந்து பெருசாகும், அதனால பெரிய "தா" கொஞ்சம் உள்ள தள்ளியும் சின்ன "அ" வெளிய நீட்டியும் நிக்கும். ரெண்டையும் அவுட்லைனா, அதாவது டைப் பண்ண எழுத்தா இல்லாம வெறும் வடிவமா மாத்திட்டு, அப்புறம் அலைன் பண்ணி, கடைசியா கண்ணால பாத்து அரை மிமீ முன்ன பின்ன நகத்துங்க.

அடுக்கு லாக்கப்புக்கு வரலாம். பக்கவாட்டுல இருந்த அதே 40 மிமீ படத்தைத் தூக்கி 130 மிமீ பேருக்கு மேல நடுவுல வெச்சுப் பாருங்க, பெரிய உடம்புல சின்னத் தலை மாதிரி இருக்கும். பக்கவாட்டுல படத்தோட உயரத்தை எழுத்துக் கட்டோட உயரம் முடிவு பண்ணுச்சு, இங்க படம் பேரோட அகலத்தோடதான் பேசணும். பேர் அகலத்துல பாதிக்கிட்ட இருந்தா நல்லா இருக்குங்கிறது என் அனுபவம், அதனால 60, யூனிட்ல மூணு மடங்கு. படத்தோட சைஸ் ரெண்டு லாக்கப்புலயும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி ஒரு சட்டம் இல்ல. பேருக்கும் வாசகத்துக்கும் நடுவுல இருக்கிற உறவ மட்டும் மாத்தாதீங்க, அந்த 12ம் 5.5ம் ரெண்டுலயும் அப்படியே இருக்கட்டும், அப்பதான் எங்க பாத்தாலும் அதே கடைன்னு தெரியும்.

படத்துக்குக் கீழ பேருக்கு மேல விடுற இடைவெளி பக்கவாட்டுல விட்ட 15 பத்தாது, ஏன்னா "னி"யோட விசிறியும் "ம்"மோட புள்ளியும் மேல ஒரு 6 மிமீ ஏறி அந்த இடத்தை எடுத்துக்குது. ஒரு முழு யூனிட், 20 விட்டேன், கண்ணுக்குத் தெரியிறது 14. மொத்த உயரம் 60, 20, 20, 12, 5.5, அதாவது 117.5 மிமீ. அகலம் 130, கிட்டத்தட்ட சதுரம்.

நடுவாக்குறதுலயும் கண்ணை நம்புங்க. "தானியம்"ல வலக்கோடியில "ம்" கனமா முடியுது, இடப்பக்கம் "த" வளைவா ஆரம்பிக்குது, அதனால கணக்குப்படி நடு வெச்சா படம் லேசா இடப்பக்கம் இருக்கிற மாதிரி தோணுச்சு, ஒரு மிமீ வலப்பக்கம் தள்ளினதும் சரியாச்சு. திரையைத் தலைகீழா திருப்பிப் பாருங்க, எழுத்த எழுத்தா படிக்காம வடிவமா பாப்பீங்க, சாய்வு உடனே தெரியும்.

சுத்தி விட வேண்டிய காலி இடம் பத்தி நிறைய சொல்ல வேண்டாம், ஒரு யூனிட் நாலு பக்கமும், அளக்கும்போது வாசகத்தோட அடியில இருந்து அளங்க, பேரோட அடியில இருந்து இல்ல.

எவ்ளோ சின்னதாக்கலாம்? இந்தக் கேள்விய வாசகம்தான் முடிவு பண்ணும், படமும் பேரும் இல்ல. தமிழ் எழுத்தோட உடம்பு உயரம் 1.5 மிமீக்குக் கீழ போனா புள்ளி இருக்கா இல்லையான்னு தேட வேண்டி வரும், "ன"வா "ண"வான்னு சுழி எண்ண முடியாது. நம்ம வாசகம் 185 மிமீ அகலத்துல 5.5 இருக்கு, அது 1.5 ஆகுற இடம் மொத்த அகலம் கிட்டத்தட்ட 50 மிமீ. அதான் பக்கவாட்டு லாக்கப்போட எல்லை. அடுக்கு லாக்கப்புல மொத்த அகலமே 130தான், அதனால 36 மிமீ வரைக்கும் இறங்கினாலும் வாசகம் அதே 1.5 மிமீல நிக்கும். 90 மிமீ அகல கார்டுல ஒரு ஓரமா லோகோ வைக்கணும்னா அடுக்கு லாக்கப் ஏன் சௌகரியம்னு இதுல புரியும். அதுக்கும் கீழ போகணும்னா, பேனா மேல அடிக்கிறது, பில்லோட தலைப்பு, வாட்ஸ்அப் டிபி, வாசகத்தை எடுத்துருங்க.

பெருசாக்கும்போதும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கு. போர்டு போடுறவங்க நடுவுல ஒரு தோராயக் கணக்கு உண்டு, ஒரு இன்ச் எழுத்து 10 அடி தூரத்துல இருந்து நல்லா படிக்கலாம்னு. 10 அடிக்கு 3 அடி போர்டுல நம்ம பக்கவாட்டு லாக்கப்ப காலி இடத்தோட உக்கார வெச்சா பத்து மடங்குக்குக் கொஞ்சம் மேலதான் பெருசாக்க முடியும், வாசகம் 58 மிமீ வரும், ரெண்டேகால் இன்ச், அதாவது 23 அடி வரைக்கும். கடை வாசல்ல நிக்கிறவங்க படிப்பாங்க, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ்ஸுல போறவங்க படிக்க மாட்டாங்க. அதனால போர்டுக்கு நான் வாசகத்தை எடுத்துட்டு பேரைப் பெருசாக்கச் சொல்வேன்.

ஆனா வாசகத்தை எடுக்கிறதுன்னா செலக்ட் பண்ணி டெலீட் அடிக்கிறது இல்ல, இத நிறைய பேர் தவற விடுறாங்க. பக்கவாட்டுல வாசகத்தை எடுத்ததும் பேர் மேல ஏறி நிக்கும், படத்தோட கீழ்ப்பாதிக்குப் பக்கத்துல வெறும் காலி. பேரைப் படத்தோட நடுவுக்கு இறக்கணும், துணைக்கு வாசகம் இல்லாத ஒத்த வரிக்கு 40 மிமீ படம் அதிகம், அதனால 32க்கு, யூனிட்ல 1.6 மடங்குக்குக் குறைக்கணும், இடைவெளியும் 15ல இருந்து 12க்கு. அடுக்குல இந்தத் தொந்தரவு கம்மி, கீழ இருந்து ஒரு வரி போகுது, அவ்ளோதான்.

வாசகம் இல்லாத லாக்கப்ப முதல் நாளே பண்ணி வைக்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, வாசகம் மாறும். பிலிப்ஸ் கம்பெனிய எடுத்துக்குங்க, 1995ல லெட்ஸ் மேக் திங்ஸ் பெட்டர், 2004ல சென்ஸ் அண்ட் சிம்ப்ளிசிட்டி, 2013ல இன்னொவேஷன் அண்ட் யூன்னு மாத்திக்கிட்டே வந்தாங்க, பேர் அதே பேர்தான். நம்ம மாவுக்கடையும் நாளைக்கு மசாலாத் தூள் போட ஆரம்பிச்சா "அரைச்ச மாவு"ங்கிற வாசகம் போயிரும். அப்ப புது வாசகத்தை 5.5 மிமீல, 12 மிமீ கீழ வெச்சுப் பாத்து, புது எழுத்துல எந்தப் புள்ளி "த" வாலுக்குக் கீழ வருதுன்னு மட்டும் மறுபடி ஒரு தடவ பாத்துட்டா வேலை முடிஞ்சது.

அதனால கிளையண்ட்கிட்ட குடுக்கும்போது நாலு ஃபைல், பக்கவாட்டு, அடுக்கு, ரெண்டும் வாசகத்தோட ஒண்ணு வாசகம் இல்லாம ஒண்ணு, எல்லாம் அவுட்லைன் ஆக்கி குரூப் பண்ணி. எழுத்தா விட்டு வெச்சா ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில அந்த ஃபாண்ட் இல்லாம வேற ஃபாண்ட் வந்து உக்காந்து உங்க 12 மிமீ காத்துல போயிரும். அனுப்புறதுக்கு முன்னாடி பக்கவாட்ட 50 மிமீலயும் அடுக்க 36 மிமீலயும் சாதாரண ஏ4 பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, வீட்டுல கண்ணாடி போடுற ஒருத்தர்கிட்ட கண்ணாடியோடவே குடுத்து வாசகத்தை வாய் விட்டு படிக்கச் சொல்லுங்க. எங்க நிறுத்தி கிட்ட கொண்டு போய்ப் பாக்குறாங்களோ அந்த எழுத்துக்கு மேலதான் ஏதோ ஒரு வால் இறங்கியிருக்கும்.